ஸ்கூட்டர் க்ளெய்மில் தேய்மானம் அதிகமாகக் கழித்துவிட்டார்கள்: கம்பெனிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் ஸ்கூட்டர் 2023 மே மாதத் தயாரிப்பு, ஆகஸ்ட் 2023-இல் பதிவானது. 2025 ஜூனில் ஓர் ஆட்டோ மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. கேஷ்லெஸ் வசதி உள்ள சர்வீஸ் சென்டரில் சரிசெய்தேன். வரியோடு பில் 19,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 12,175. மீதி 6,825 ரூபாயை நான் கட்டினேன். பாலிசியில் வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. போட்டபோது 20 சதவீதம்தான் தேய்மானம் கழித்திருந்தார்கள். க்ளெய்மில் மட்டும் 36 சதவீதம் எப்படிக் கழிக்கலாம்? தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் வசதியை நான் எடுக்கவில்லை. மதிப்பீட்டுத் தாளையும் பில்லையும் இணைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும்போது "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இனி முழுப் பணத்தையும் கேட்டுக் கடிதம் எழுத முடியுமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுதுங்கள். ஆனால் முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பிய தாளையும் பில்லையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கணக்கில் உங்களுக்கு வர வேண்டியது 2,745 ரூபாய். மீதி 4,080 ரூபாய் பாலிசியின்படி சரியாகவே பிடிக்கப்பட்டிருக்கிறது. 6,825-ஐக் கேட்டு எழுதினால் "பாலிசி நிபந்தனைகளின்படி கழிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் போட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த ஒரு வரி பாதி உண்மை என்பதால் மேலே போனாலும் உங்கள் பக்கம் பலவீனமாகவே தெரியும். 2,745-ஐ மட்டும் கேட்டு, ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் காட்டினால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

ஐ.டி.வி. வாதத்தை முதலில் விட்டுவிடுங்கள். பாலிசியில் தேய்மானத்துக்கு இரண்டு தனித்தனி அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று வண்டியின் மொத்த மதிப்பைக் குறைத்து ஐ.டி.வி. போடுவதற்கு, ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் இருந்தால் 20 சதவீதம் என்பது அதில் வருவதுதான். வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ அந்தத் தொகை பயன்படும். பழுது பார்க்கும் க்ளெய்முக்கு அதோடு சம்பந்தமில்லை. இங்கே மாற்றிய ஒவ்வொரு பாகமும் எதனால் ஆனது என்று பார்த்துக் கழிப்பார்கள்.

அந்த இரண்டாவது அட்டவணை பாலிசிப் புத்தகத்தில் பிரிவு 1-இல், சொந்தச் சேதம் பற்றிய பகுதியில் இருக்கும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரிக்கு 50 சதவீதம். வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும் இவற்றுக்கு 50தான். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்கு ஒன்றும் கழிக்கக் கூடாது. மற்ற எல்லாப் பாகங்களுக்கும், அதாவது பெரும்பாலும் உலோகத்துக்கு, வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை எதுவுமில்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வருடம் வரை 10, மூன்று வருடம் வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயின்டிங்குக்குத் தனி விதி உண்டு. அதற்குக் கீழே வருகிறேன். லேபருக்குத் தேய்மானமே கிடையாது, உங்கள் தாளிலும் லேபரைத் தொடவில்லை.

இதை வைத்து உங்கள் பில்லைப் பார்ப்போம். ஹெட்லைட் அசெம்பிளி, லெக் ஷீல்டு, பக்கவாட்டு பேனல் மூன்றும் சேர்ந்து 5,600 ரூபாய். இவை பிளாஸ்டிக், பாதியைக் கழித்து 2,800 கொடுத்திருப்பது சரி. மெக்கானிக்குகள் எல்லா பேனலையும் "ஃபைபர்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி 30 சதவீதம்தான் கழிக்க வேண்டும் என்று வாதிட வேண்டாம். பேனலின் உள்பக்கம் PP அல்லது ABS என்று அச்சு இருக்கும், அது பிளாஸ்டிக் வகை. ஃபைபர் கிளாஸ் வேறு பொருள்.

முதல் தவறு மட்கார்டிலும் முன்சக்கர ரிம்மிலும் இருக்கிறது. மட்கார்டு 1,200, ரிம் 2,100, சேர்த்து 3,300 ரூபாய். இரண்டையும் பிளாஸ்டிக் பட்டியலில் போட்டு 50 சதவீதம் கழித்து 1,650 மட்டுமே அனுமதித்திருக்கிறார்கள். சில ஸ்கூட்டர்களில் மட்கார்டு பிளாஸ்டிக். சிலவற்றில் இரும்புத் தகடு. மதிப்பீடு செய்பவர் பல மாடல்களைப் பார்ப்பவர், பாதி நேரம் ஃபோட்டோவை வைத்தே தாளை நிரப்புகிறவர். பெயின்ட் அடித்த மட்கார்டு ஃபோட்டோவில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகடு. ரிம்மில் இந்தச் சோதனை வேண்டாம். அலாய் ரிம் அலுமினியக் கலவை; காந்தம் ஒட்டாது, ஆனாலும் அது உலோகம்தான். "காந்தம் ஒட்டவில்லையே" என்று யாராவது சொன்னால் அசர வேண்டாம்.

காந்தம் உங்களுக்கு நிச்சயம் தருவதற்கு. கம்பெனிக்குக் காகிதம் வேண்டும். சர்வீஸ் சென்டரில் அந்த இரண்டு பாகங்களின் பார்ட் நம்பரையும், அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதையும் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதில் நஷ்டமில்லை, பொதுவாகத் தந்துவிடுவார்கள். கழற்றிய பழைய மட்கார்டு இன்னும் அங்கே கிடந்தால், அதன் வளைவும் உரிந்த பெயின்டுக்குள் தெரியும் தகடும் விழும்படி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உலோகம் என்றால் 10 சதவீதம் போக 2,970 தர வேண்டும். வித்தியாசம் 1,320 ரூபாய். ஒருவேளை உங்கள் மாடலில் மட்கார்டு பிளாஸ்டிக்தான் என்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு ரிம்மை மட்டும் கேளுங்கள். கோரிக்கையில் 480 ரூபாய் குறையும்.

இரண்டாவது தவறு பெயின்டிங். இது நான் அடிக்கடி பார்ப்பது. உங்கள் பில்லில் பெயின்டிங் 3,200 என்று ஒரே வரியில் இருக்கிறது. அதில் 50 சதவீதம் கழித்து 1,600 போட்டிருக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. பெயின்டிங்கில் மெட்டீரியலுக்கு மட்டும்தான் 50 சதவீதம் கழிக்க வேண்டும். மெட்டீரியல், கூலி என்று பிரிக்காமல் மொத்தமாக பில் போட்டிருந்தால், மொத்தத்தில் 25 சதவீதத்தை மெட்டீரியலாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிக்க வேண்டும். 3,200-இல் 25 சதவீதம் 800. அதில் பாதி 400. ஆக உங்களுக்கு 2,800 வர வேண்டும். இங்கே மட்டும் 1,200 ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.

இதில் விவாதிக்க எதுவுமில்லை. பாலிசிப் புத்தகத்திலேயே அந்தப் பத்தி இருக்கிறது. அதனால் கடிதத்தில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும். இன்னொன்று, இப்போது சர்வீஸ் சென்டரில் போய் "பெயின்டிங்கைப் பிரித்து பில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். மெட்டீரியல் 1,400, கூலி 1,800 என்று பிரித்துவிட்டால் கழிவு 400-இலிருந்து 700 ஆகிவிடும். ஒரே வரி பில் உங்களுக்குச் சாதகமானது, அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது, வண்டியின் வயது. ஃபோர்க் 3,600, ஹேண்டில்பார் 900, சேர்த்து 4,500 ரூபாய்க்கு 15 சதவீதம் கழித்து 3,825 கொடுத்திருக்கிறார்கள். 15 சதவீதம் என்பது இரண்டு வருடம் தாண்டிய வண்டிக்கு. தயாரிப்பு மாதத்திலிருந்து எண்ணினால் விபத்தன்று இரண்டு வருடம் தாண்டிவிடுகிறது. பதிவுத் தேதியிலிருந்து எண்ணினால் ஒரு வருடம் பத்து மாதம்தான். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர்கள் வழக்கமாகப் பதிவுத் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மட்கார்டுக்கும் ரிம்முக்கும் நான் மேலே 10 சதவீதம் போட்டதும் இதே அடிப்படையில்தான். ஆனால் அட்டவணையில் "வண்டியின் வயது" என்றுதான் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று விளக்கம் இல்லை. ஆகவே மூன்றில் இதுதான் பலவீனமான வாதம், தொகையும் 225 ரூபாய்தான். கேளுங்கள், கடைசியில் கேளுங்கள். இதை முதலில் வைத்தால் அதைப் பற்றியே பதில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

1,200, 1,320, 225 மூன்றையும் கூட்டினால் 2,745. கட்டாயக் கழிவு 100 ரூபாயைப் பிடித்திருக்கிறார்கள், அது இரு சக்கர வாகன பாலிசிக்கு உரியதுதான். அதைக் கேட்காதீர்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். விபத்து எப்படி நடந்தது, ஆட்டோக்காரர் என்ன சொன்னார், எத்தனை முறை ஃபோன் செய்தீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். கம்பெனி க்ளெய்மை ஏற்றுக்கொண்டுவிட்டது. தகராறு கணக்கில் மட்டும்தான். கீழே இருப்பதுபோல எழுதலாம்:

*பெறுநர்: குறைதீர் அதிகாரி, (கம்பெனி பெயர், கிளை)*

*பொருள்: க்ளெய்ம் எண் ……, பாலிசி எண் ……, வாகனப் பதிவு எண் ……: தேய்மானக் கணக்கைத் திருத்தி 2,745 ரூபாய் வழங்கக் கோருதல்.*

*ஐயா / அம்மா,*

*மேற்கண்ட க்ளெய்மில் 19,000 ரூபாய் பில்லுக்கு 12,175 ரூபாய் வழங்கியுள்ளீர்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்கான 50 சதவீதத் தேய்மானத்தையும் கட்டாயக் கழிவையும் நான் ஏற்கிறேன். கீழ்க்கண்ட மூன்று கழிவுகள் பாலிசியின் பிரிவு 1-இல் உள்ள தேய்மான அட்டவணைக்கு மாறாக உள்ளன.*

*பெயின்டிங்: மொத்த பில் 3,200 ரூபாய். மெட்டீரியல் பங்கு 25 சதவீதம், அதாவது 800 ரூபாய். அதில் 50 சதவீதமான 400 ரூபாயை மட்டுமே கழிக்க வேண்டும். 1,600 ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. வர வேண்டியது 1,200 ரூபாய்.*

*முன் மட்கார்டு, முன்சக்கர ரிம்: இரண்டும் உலோக பாகங்கள் (சர்வீஸ் சென்டரின் சான்று இணைப்பு). 3,300 ரூபாய்க்கு 10 சதவீதம், அதாவது 330 ரூபாய் கழிக்க வேண்டும். பிளாஸ்டிக் எனக் கருதி 1,650 ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. வர வேண்டியது 1,320 ரூபாய்.*

*ஃபோர்க், ஹேண்டில்பார்: பதிவுத் தேதிப்படி விபத்தன்று வாகனத்தின் வயது இரண்டு வருடத்துக்குள் உள்ளது. 4,500 ரூபாய்க்கு 15 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் கழிக்க வேண்டும். வர வேண்டியது 225 ரூபாய்.*

*ஆக மொத்தம் 2,745 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் எதையாவது ஏற்க இயலாது எனில், எந்தப் பாகத்துக்கு, பாலிசியின் எந்த விதிப்படி என்று தனித்தனியாகக் காரணம் காட்டி எழுத்தில் பதில் தரவும். வண்டியைப் பெறும்போது நான் கையெழுத்திட்ட ரசீது, பெற்ற தொகைக்கு மட்டுமே; மீதித் தொகைக்கான என் உரிமையை நான் விட்டுத்தரவில்லை.*

*இணைப்பு: பில், மதிப்பீட்டுத் தாள், பாலிசியின் தேய்மான அட்டவணைப் பக்கம், ஆர்.சி. நகல், சர்வீஸ் சென்டர் சான்று, ரத்து செய்த காசோலை.*

"ஏற்கிறேன்" என்ற வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். நியாயமான கழிவை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதைக் கேட்கும் கடிதத்தை, படிக்கும் அதிகாரி வேறு மாதிரி படிப்பார். நாளைக்கு இதே கடிதம் கம்பெனிக்கு வெளியே உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் மேஜைக்குப் போனாலும் அப்படித்தான். அதேபோல "தனித்தனியாகக் காரணம்" என்று கேட்பதும் முக்கியம். பொதுவாக ஒரு வரி பதில் வந்தால், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதே உங்களுக்கு அடுத்த கட்டத்தில் ஆதாரமாகிவிடும்.

நீங்கள் கவலைப்படும் கையெழுத்துத் தாளைப் பற்றி: கேஷ்லெஸ்ஸில் அதில் கையெழுத்துப் போடாமல் சாவி தருவதில்லை, எல்லோரும் போடுகிறார்கள். அத்தகைய ரசீதில் கையெழுத்திட்டது, கூடுதல் தொகை கேட்டு வழக்குமன்றங்களை நாடும் உரிமையைப் பறிக்காது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-இலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டுக் கேட்டால் உங்கள் வாதம் வலுவிழக்கும். இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

சர்வேயர் சொன்னதுதான் முடிவு என்று கிளையில் சொல்லக்கூடும். அதுவும் சரியில்லை. சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம், ஆனால் கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதுவும் 50,000 ரூபாய்க்குக் குறைவான மோட்டார் க்ளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை; கம்பெனியின் சொந்த ஊழியரே மதிப்பிட்டிருக்கலாம். உங்கள் தாளில் கையெழுத்துக்குக் கீழே உரிம எண் இல்லை என்பதைக் கவனித்தேன். அதைக் குற்றமாக எழுத வேண்டியதில்லை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை ஈமெயிலிலும் அனுப்பி, ஸ்பீடு போஸ்ட் தபாலிலும் அனுப்புங்கள். குறைதீர் அதிகாரியின் முகவரி பாலிசியின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். வராவிட்டால் bimabharosa.irdai.gov.in தளத்தில் அதே கடிதத்தையும் இணைப்புகளையும் ஏற்றிப் புகார் பதியலாம். 155255 என்ற எண்ணில் ஃபோனிலும் சொல்லலாம். அங்கே பதிந்தால் ஆணையமே தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். புகார் மீண்டும் கம்பெனிக்குத்தான் போகும். ஆனால் ஆணையத்தின் கண் முன்னால் போகிறது என்பதால், கிளையில் படுத்துக் கிடந்த சின்னக் கணக்குத் திருத்தங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே எழுந்துவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் அனுமதியில்லை. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராமல் இருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தி தராமல் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதனால்தான் கடிதத்தின் தேதியும் தபால் ரசீதும் முக்கியம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்குக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. 2,745 ரூபாய்க்கு வாய்தா வாய்தாவாக அலைவது கட்டுப்படியாகாது, குறைதீர்ப்பாளரே போதும்.

க்ளெய்ம் எடுக்காதவர்களுக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், அது போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். க்ளெய்ம் எடுத்த அன்றே அந்த போனஸ் போய்விட்டது. அதே க்ளெய்மில் இன்னும் 2,745 வாங்குவதால் கூடுதலாக எதுவும் போகாது.

அவர்கள் பாதி இறங்கிவந்து பெயின்டிங்கையும் பாகங்களையும் திருத்தி, வயதை மட்டும் தயாரிப்பு மாதப்படியே வைத்துக்கொள்கிறோம் என்றால் என்ன செய்வது? அப்போது மட்கார்டுக்கும் ரிம்முக்கும் 15 சதவீதம் கழித்து 1,155 ரூபாய், பெயின்டிங்குக்கு 1,200, மொத்தம் 2,355 ரூபாய் வரும். என்னைக் கேட்டால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். தொகை உங்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். கேஷ்லெஸ் க்ளெய்ம் என்பதால் அவர்களின் சிஸ்டத்தில் பணம் பெறுபவர் என்று சர்வீஸ் சென்டரின் பெயர் இருக்கும். மறந்துபோய் அங்கே அனுப்பிவிட்டால் திரும்ப வாங்குவது தனி வேலை. மீதியை நீங்கள் கட்டியதற்கான ரசீதையும் ரத்து செய்த காசோலையோடு சேர்த்து இணைத்துவிடுங்கள்.